பத்து சதவீதம் எங்கிருந்து வந்தது?

புல்லில் 10,000 கிலோ கலோரி. வெட்டுக்கிளிக்கு 1,000, தவளைக்கு 100, பாம்புக்கு 10. ஒவ்வொரு படியிலும் பத்து சதவீத ஆற்றலே மேலே போகும் என்ற பள்ளி உயிரியல் வினாத்தாளின் இந்தக் கணக்குக்கு ஒரு பூஜ்யத்தை அடிக்கத் தெரிந்தால் போதும், சூழலியல் தெரிய வேண்டியதில்லை. ஹோவர்ட் ஓடம் ஃபுளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் நீரூற்றில் அளந்து 1957இல் வெளியிட்ட எண்களைக் கொடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டரில் தாவரங்கள் சேர்த்த ஆற்றல் 20,810 கிலோ கலோரி. தாவர உண்ணிகளிடம் இருந்தது 3,368. அவற்றைத் தின்றவற்றிடம் 383. உச்சியில் வெறும் 21. வகுத்தால் முறையே 16, 11, 5.5 சதவீதம் வருகிறது. எங்கும் சரியாகப் பத்து இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. தாவரங்கள் சேர்த்ததில் பாதிக்கு மேல் அவற்றின் சுவாசத்துக்கே போய்விட, மிஞ்சியது 8,833தான். தாவர உண்ணிக்குக் கிடைக்கக்கூடியது அவ்வளவே என்று அதை வைத்து வகுத்தால் 16 சதவீதம் 38 ஆகிவிடும்! எதை எதால் வகுக்கிறோம் என்று சொல்லாத சதவீதத்துக்குப் பொருளே கிடையாது. மாணவர் தடுக்கி விழ வேண்டிய இடமும், யோசிக்க வேண்டிய இடமும் இதுதான். வினாத்தாளோ அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. பத்து சதவீதம் தோராயமான சராசரி, விதி அல்ல. வினாத்தாள் தயாரிப்பவர்களே, அடுத்த முறை அளந்த எண்களைக் கொடுத்து சதவீதத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.