முன்னும் பொய், பின்னும் பொய்

விளம்பர எழுத்தைத் திருத்தித் தருகிறவர்கள் வாடிக்கையாளரிடம் காட்டும் ‘முன்–பின்’ மாதிரிகளில் பெரும்பாலானவை பித்தலாட்டம். சொல் கடுமையாக இருந்தால் இருக்கட்டும். இடது பக்கத்தில் வாடிக்கையாளர் ஒருபோதும் எழுதாத மோசமான வாக்கியம் ஒன்றைத் தாங்களே எழுதி வைப்பார்கள். வலது பக்கத்தில் அவர் சொல்லாத விவரங்களை எல்லாம் சேர்த்து இன்னொன்று. ‘பார்த்தீர்களா, கண்ணுக்குத் தெரியும் பெயர்ச்சொல்லும் செய்வினையும் என்ன செய்கின்றன!’ என்பார்கள். வாடிக்கையாளரும் தலையாட்டுவார். அவர் எதற்குத் தலையாட்டினார்? செய்வினைக்கா, புதிதாக நுழைந்த விவரத்துக்கா, வாக்கியம் பாதியாகச் சுருங்கியதற்கா? மூன்று மாற்றங்களை ஒரே இரவில் ஏற்றிவிட்டு, எது பிழையைத் தீர்த்தது என்று மறுநாள் சொல்ல முடியாது என்பது கணினித் துறையில் முதல் வருடத்தில் கற்கும் பாடம். எழுத்து விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

மாதிரியை நேர்மையாகச் செய்ய முடியும். ஸ்காபரோவில் முதியோருக்கு வீட்டில் பராமரிப்பு வழங்கும் சிறு நிறுவனம் ஒன்றின் இணையத்தளத்தைப் புதுப்பிக்கப் போனபோது, தமிழ்ப் பக்கத்தின் முதல் வாக்கியம் இப்படி இருந்தது:

‘முதியோரின் நல்வாழ்வை உறுதிப்படுத்தும் நோக்கில், தேவைகளுக்கேற்ப வடிவமைக்கப்பட்ட முழுமையான இல்லப் பராமரிப்புச் சேவைகள், பயிற்சி பெற்ற பணியாளர்களால் 24 மணி நேரமும் வழங்கப்படுகின்றன.’

இதுதான் ‘முன்’. ஒரு எழுத்தையும் கெடுக்கத் தேவையில்லை. நம் கோயில் மலரிலும் வங்கிக் கடிதத்திலும் தினமும் பார்க்கும் தமிழ்தான். தமிழில் வினை கடைசியில் வருகிறது. ஆகவே நல்வாழ்வு, நோக்கம், தேவை, பராமரிப்பு, சேவை என்று தொட முடியாத பெயர்களை ஒவ்வொன்றாகச் சுமந்துகொண்டு வாசகர் பதினாறு சொற்களைக் கடக்க வேண்டும். கடைசியில் கிடைப்பது ‘வழங்கப்படுகின்றன’. இங்கே பிறந்து சனிக்கிழமைப் பள்ளியில் தமிழ் படித்த மகள் அந்தப் பாதி வழியிலேயே ஆங்கிலப் பக்கத்துக்குத் தாவிவிடுவாள்.

அடுத்து நான் செய்தது, வினையை மட்டும் மாற்றிய ஒரு நடுப்பிரதி. இதை யாரும் காட்டுவதில்லை. காட்டினால் அரைவாசி வித்தை அம்பலமாகிவிடும். ‘முதியோரின் நல்வாழ்வை உறுதிப்படுத்த, தேவைகளுக்கேற்ற முழுமையான இல்லப் பராமரிப்புச் சேவைகளை எங்கள் பயிற்சி பெற்ற பணியாளர்கள் 24 மணி நேரமும் வழங்குகிறார்கள்.’ இலக்கணப்படி செய்வினை. பலன்? கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ‘வழங்குகிறார்கள்’ என்றால் கையால் என்ன செய்கிறார்கள் என்று இன்னும் தெரியாது. செய்வினை தனியாக நின்று எதையும் சாதிக்காது என்பதை வாடிக்கையாளர் இந்த இடத்தில் கண்ணால் காண வேண்டும்.

மூன்றாவது பிரதியை எழுதும் முன் ஒரு விதி: எழுதுகிறவர் எதையும் கற்பனை செய்யக்கூடாது. தெரியாத இடத்தை வெறுமையாக விட்டு, ‘யார் வருவார்? எத்தனை மணிக்கு? வந்து முதலில் எதைத் தொடுவார்?’ என்று குறித்து அனுப்ப வேண்டும். நான் உரிமையாளரிடம் நேரிலேயே கேட்டேன்.

“அண்ணை, இரவு இரண்டு மணிக்கு ஒரு அம்மா கூப்பிட்டா ஆர் போவினம்?”

“இரவிலை ஆக்கள் போறேல்லைத் தம்பி. ஃபோன் எடுப்பம்.”

பணியாளர்கள் வீடுகளுக்குப் போவது காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை. ‘24 மணி நேரமும்’ என்பது தொலைபேசிக்கு மட்டும் பொருந்தும். அவர் பொய் சொல்ல நினைத்தவர் அல்லர். ‘சேவைகள் வழங்கப்படுகின்றன’ என்ற வாக்கியத்துக்குள் தொலைபேசியும் அடங்கும், ஆளும் அடங்குவார். இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டிய கட்டாயமே அந்த வாக்கியத்தில் இல்லை. படித்துவிட்டு அம்மாவைத் தனியே விட்டு இரவு வேலைக்குப் போகும் மகனுக்கு அந்த வேறுபாடுதான் எல்லாம்.

கிடைத்த பதில்களை மட்டும் வைத்து எழுதிய ‘பின்’ இது:

‘எங்கள் பணியாளர் காலை 8 மணிக்கு உங்கள் அம்மாவின் வீட்டுக்கு வருவார். குளிக்க உதவி, உடை மாற்றிவிட்டு, சாப்பாட்டைச் சூடாக்கிக் கொடுப்பார். மாத்திரையை எடுக்கச் சொல்லி நினைவூட்டுவார். இரவு 8 மணிக்குப் பிறகு ஆள் வரமாட்டார். எந்த நேரம் அழைத்தாலும் தொலைபேசியை எடுப்போம்.’

இது முதல் வாக்கியத்தைவிட நீளம். சுருக்கத்தால்தான் நன்றாக இருக்கிறது என்று இனி யாரும் சொல்ல முடியாது. மூன்று பிரதிகளையும் ஒரே எழுத்துருவில், ஒரே அளவில், படமில்லாமல், ‘முன்’, ‘பின்’ என்ற தலைப்பும் இல்லாமல் அச்சிட வேண்டும். ‘பின்’ என்று போட்டால் எந்தக் குப்பையும் அழகாகத் தெரியும்.

பிறகு வாசகர்களிடம் போக வேண்டும். ‘எது பிடித்திருக்கிறது?’ என்று கேட்பது வீண். நம்மவர்களில் பாதிப்பேர் கனமான தமிழையே தேர்ந்தெடுப்பார்கள், அதில் மரியாதை இருக்கிறது என்று. ஒருவருக்கு ஒரு பிரதி மட்டும் கொடுத்து, படித்ததும் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, ‘ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு அம்மா விழுந்தால் இவர்கள் என்ன செய்வார்கள்?’ என்று கேளுங்கள். அந்த நிறுவனத்தின் வரவேற்பறையில் காத்திருந்தவர்களிடம் உரிமையாளரையே கேட்க வைத்தேன். முதல் பிரதியையும் நடுப்பிரதியையும் படித்தவர்கள் ‘ஆள் அனுப்புவினம்’ என்றார்கள். மூன்றாவதைப் படித்தவர் ‘ஃபோன் எடுப்பினம், ஆள் வராது’ என்றார். ஏழெட்டுப் பேரை வைத்து விற்பனை கூடும் என்று சொல்ல முடியாது, நான் சொல்லவுமில்லை. எந்த வாக்கியம் தவறாகப் புரிகிறது என்று காண அது போதும்.

இந்த விதியை ஆங்கிலத்திலிருந்து அப்படியே இறக்குமதி செய்கிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரையைக் காட்டுவார்கள். செயப்பாட்டுவினையைத் தவிர்க்கச் சொன்ன அந்தக் கட்டுரையிலேயே செயப்பாட்டுவினை நிறைய இருக்கிறது. தமிழுக்குத் தமிழ்க் காரணமே போதும். ‘எடுப்போம்’ என்பதில் ‘ஓம்’ என்ற விகுதிக்குள் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். ‘எடுக்கப்படும்’ என்றதும் அந்த இடத்தில் ஆள் இல்லை, அஃறிணை விகுதிதான். பேச்சில் நாம் ‘படும்’ போடுவதே அரிது. கடையைப் ‘பூட்டியாச்சு’ என்போமே தவிர ‘பூட்டப்பட்டுவிட்டது’ என்று எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். ‘வருவோம்’ என்று எழுதினால் தரம் குறைந்துவிடும் என்கிறவர்கள் பாதுகாப்பது தமிழின் தரத்தை அல்ல. பொறுப்பிலிருந்து நழுவும் வசதியை.

அதற்காக எல்லா ‘படு’வையும் வெட்டுவதும் மடமை. ‘உங்கள் கடவுச்சொல் மாற்றப்பட்டுள்ளது’ என்ற எச்சரிக்கையை அப்படியே விட வேண்டும். மாற்றியவர் யார் என்று அனுப்புகிறவருக்கே தெரியாது; ‘நீங்கள் மாற்றினீர்கள்’ என்று எழுதினால், திருடன் மாற்றியிருக்கும்போது அதுவே பொய்யாகிவிடும்.

மூன்று தாள்களையும் மேசையில் வைத்தபோது உரிமையாளர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இப்பிடிப் போட்டா ஆர் தம்பி வருவினம்?” என்றார். “இரவிலை ஆள் தேவைப்படாத ஆக்கள் வருவினம், அண்ணை. மற்றவை வந்து பிறகு சண்டை பிடிக்கிறதைவிட அது நல்லம்” என்றேன். இணையத்தளத்தில் மூன்றாவது பிரதி ஏறிவிட்டது. அவருடைய வாகனக் கதவில் ‘24 மணி நேரமும்’ இன்னும் இருக்கிறது. பெயிண்ட் அடிக்கக் காசு கேட்கிறார்கள் என்கிறார்.