சிப்பந்திப் பயிற்சியில் 'மூக்கு மாமா'



திருவையாற்றில் நம் கடைச் சிப்பந்திகளுக்குப் பயிற்சி நாடகம் ஒன்று எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. குடோனில் வண்டு, அந்துப்பூச்சிக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைதான் விஷயம். காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற விஷவாயு கிளம்பும். அதற்கு மாற்று மருந்து கிடையாது.

முன்பு இதை அறிக்கையாகவே வாசித்து வந்தோம். தேநீர் இடைவேளைக்குப் பின் கேட்டால் பாதிப்பேருக்கு ஒன்றும் நினைவில்லை. எனவே நகைச்சுவைப் பாத்திரம் ஒன்றைச் சேர்த்தேன். "உயிர் போகிற விஷயத்தில் சிரிப்பு என்னய்யா?" என்று நண்பர் ஒருவர் கடிந்துகொண்டார். முதல் தடவை அவர் சொன்னதுதான் பலித்தது.

அந்தப் பாத்திரத்தின் பெயர் மூக்கு மாமா. எதையும் மோந்து பார்த்தே முடிவு கட்டுவார். முதல் காட்சியில் தேதி கடந்த கடலை மாவை மோந்து, "பிரமாதம்" என்று விற்பார். வாங்கிய அம்மாள் மறுநாளே திருப்பிக்கொண்டு வந்து நிற்பார். இரண்டாம் காட்சியில் மின்னணுத் தராசையும் மோந்து பார்த்து, "முத்திரை சரியாக இருக்கிறது" என்பார். ஆண்டுக்கு ஒருமுறை முத்திரையிட வேண்டிய தராசு அது. தேதியைப் படிக்க வேண்டாமா? மூன்றாம் காட்சியில் மாத்திரை வைத்து மூடிய குடோனைத் திறந்து மோந்து பார்த்து, தள்ளாடி மூட்டை மேல் விழுவார். கொட்டகை அதிர்ந்தது. மறுநாள் ஒரு தம்பி மூட்டை மேல் விழுந்து நடித்துக் காட்டினான். "மாமா விழுந்தார் சரி, நீ என்ன செய்யணும்?" என்று கேட்டேன். விழித்தான். பிழை என்னுடையது. விபத்தையே வேடிக்கை ஆக்கிவிட்டேன்.

பாத்திரத்தை நீக்காமல் அந்த இடத்தை மட்டும் திருத்தினேன். மாமாவின் குணத்தைப் பார்த்துச் சிரிக்கலாம்; அவருக்கு நேரும் கேட்டைப் பார்த்துச் சிரிக்க விடக்கூடாது. இப்போது மூன்றாம் காட்சியில் மாமா பூட்டின் முன் நின்று, "என் மூக்கு பொய் சொல்லாது" என்று வழக்கமான வசனத்தைச் சொல்வார். சபை சிரிக்கும். மேஸ்திரி சிரிக்காமல் அவர் கையைப் பிடித்து நிறுத்துவார். சிரிப்பு அடங்கும் வரை பேசாமல் நிற்பார். பிறகு, "மாமா, இது மூக்குக்குத் தெரியாமலே கொல்லும்" என்பார். பூண்டு நாற்றம் வரலாம், வராமலும் இருக்கலாம்; நாற்றம் இல்லை என்பதால் வாயு இல்லை என்று ஆகாது. முதல் இரண்டு காட்சிகளில் மூக்கை நம்பியதால் வந்தது நஷ்டமும் அவமானமும். இங்கே போவது உயிர். ஒரே குணம் மூன்று இடத்தில் வருவதால்தான் பாடம் உறைக்கிறது. மாமாவுக்கு மறதியையோ திக்குவாயையோ கொடுத்திருந்தால் சிரிப்பு வந்திருக்கும், பாடம் வந்திருக்காது.

அதன்பின் மேஸ்திரி ஐந்தே வாக்கியம் சொல்வார். மாத்திரையை நாம் தொடக்கூடாது. அனுமதி பெற்ற ஆளே வைக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகை இருக்கும்வரை கதவைத் திறக்கக்கூடாது. மாத்திரை மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. தலைவலி, குமட்டல், நெஞ்சு இறுக்கம் என்றால் உடனே வெளியேறி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த ஐந்திலும் வேடிக்கை இல்லை; மாமா குறுக்கே பேசுவதும் இல்லை.

இது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. மெலட்டூர் பாகவத மேளாவில் கூம்புக் குல்லாய்க் கோணங்கி தொடக்கத்தில் குதித்து வந்து சபையைச் சிரிக்கவைத்து அமைதிப்படுத்துகிறான். அதன் பிறகே பிரகலாதன் கதை நடக்கிறது. இரணியன் வதையில் கோணங்கிக்கு வேலையில்லை. இங்கிலாந்தில் 1972இல் நடிகர் ஜான் கிளீஸும் ஆண்டனி ஜேயும் மற்றவர்களும் சேர்ந்து தொடங்கிய வீடியோ ஆர்ட்ஸ் நிறுவனமும் பணியாளர் பயிற்சிப் படங்களில் தவறான வழியைச் சிரிக்கும்படி காட்டி, சரியான வழியை அதன் பக்கத்தில் வைத்தது.

சிரிப்பு எவ்வளவு என்பதற்கு என் அளவுகோல் இதுதான். மறுநாள் காலையில் இரண்டு கேள்வி கேட்கிறேன்: மாமா என்ன செய்தார்? நீ என்ன செய்வாய்? முதலாவதற்கு மட்டும் பதில் வந்தால் அந்த இடத்தில் சிரிப்பைக் குறைக்கிறேன். இரண்டுக்கும் வராவிட்டால் காட்சியே சவசவ என்று இருக்கிறது. திருத்திய நாடகம் போட்ட மறுநாள், போன தடவை விழுந்து காட்டிய அதே தம்பி சொன்னான்: "மூக்கை நம்பமாட்டேன் ஐயா, பலகையைப் பார்ப்பேன்." கடிந்துகொண்ட நண்பர் இப்போது தம் கடைச் சிப்பந்திகளையும் அனுப்பி வைக்கிறார்.