ரவுட்டரைக் குறை சொல்வதற்கு முன் அதன் அடாப்டரைப் பாருங்கள்



"நெட் திடீர் திடீரென்று மெதுவாகிறது, ரவுட்டர் தானாக அணைந்து எரிகிறது" என்று யாராவது சொன்னால் உடனே வரும் அறிவுரை, "கம்பெனியை மாற்று" அல்லது "புது ரவுட்டர் வாங்கு" என்பதுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை. முதலில் சந்தேகப்பட வேண்டியது சுவரில் தொங்கும் அந்தச் சின்னக் கறுப்பு அடாப்டரை.

என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் நெட், பேரப்பிள்ளைகள் எல்லாரும் வீடு திரும்பிய பிறகு இழுக்கும். ஏழு, எட்டு மணிக்கு எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்து மறுபடி எரியும். லைன்மேன் இரண்டு முறை வந்து ஃபைபர் முனையை மாற்றிவிட்டுப் போனார். நான் போனபோது ரவுட்டரைத் திருப்பி அடியில் இருந்த லேபிளைப் படித்தேன்: 12V, 1.5A. அடாப்டரில் இருந்ததோ 12V, 0.5A. அலமாரியைத் துடைத்தபோது செட்டாப் பாக்ஸ் அடாப்டரோடு இடம் மாறியிருக்கிறது. பின் இரண்டுக்கும் ஒன்றுபோல் பொருந்தும், விளக்கும் எரியும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஏன் மாலையில் மட்டும்? வகுப்பில் சொன்னதுதான். ரவுட்டர் தனக்கு வேண்டிய மின்னோட்டத்தைத்தான் இழுக்கும். நாலைந்து போன் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தால் வைஃபை அதிகம் இழுக்கிறது. அடாப்டரால் கொடுக்க முடியாதபோது வோல்டேஜ் சரிகிறது. கொஞ்சம் சரிந்தால் வேகம் குறையலாம். இன்னும் சரிந்தால் ரீபூட் ஆகிவிடும். சரியான அடாப்டரும் சில வருடம் சூட்டிலேயே கிடந்தால் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர் காய்ந்து இதே நிலைக்கு வரும். கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் என்றே காட்டும், சுமை இல்லாததால். அதை நம்பாதீர்கள்.

நம்பக்கூடிய சோதனை, வேறொரு நல்ல அடாப்டரை மாட்டிப் பார்ப்பது. வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் லேபிளில் உள்ளதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். கூடுதலால் கெடுதல் இல்லை. பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று காட்டும் வட்டப் படமும் இரண்டிலும் ஒத்திருக்க வேண்டும், மாறினால் ரவுட்டரே போய்விடும். இடையில் மினி யூபிஎஸ் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேராகச் சுவரில் மாட்டுங்கள். பல வீடுகளில் குற்றவாளி அதுதான்.

ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். வழக்கமாகத் தொந்தரவு வரும் நேரத்தோடு மூன்று நாள் ஓடட்டும். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் Uptime என்று இருக்கும். அது மூன்று நாளும் அறுபடாமல் ஏறினால் பழைய அடாப்டரோ, கழற்றிய யூபிஎஸ்ஸோதான் பெரும்பாலும் காரணம். அது மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினால், வேறு ப்ளக் பாயின்ட்டில் ஒருமுறை பார்த்துவிட்டு ரவுட்டரைச் சந்தேகிக்கலாம். Uptime ஏறிக்கொண்டே இருந்தும் LOS விளக்கு சிவப்பாகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் ஃபைபர் லைனில். அப்போது தாராளமாக லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

தங்கை வீட்டில் இரண்டு அடாப்டரிலும் இப்போது வெள்ளை பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதி வைத்திருக்கிறாள்.