தீர்ப்பை ஒளிச்சு வச்சு எழுதினா யாருக்கு இலாபம்?

பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து எழுதுற நம்ம பிள்ளைகளின் பிரஜாவுரிமைக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடியும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நம்ம ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போனது. எந்தச் சமூகத்துக்கும் தனியாகப் பாதகம் செய்யும் சட்டம் கூடாது என்ற சோல்பரி யாப்பின் 29(2) உறுப்புரை மீறப்பட்டது. அதோடு முற்றுப்புள்ளி.

எதிர்த்தரப்பு ஆள் ஒருவர் எழும்பி, "அதை அன்றைய உச்ச நீதிபீடமே செல்லும்னு சொல்லிட்டதே?" என்று கேட்டால் வாய் அடைத்துப் போகும். கேட்டவர் சொன்னது உண்மை. அந்த வழக்கு நம்ம சப்ரகமுவையில், கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லை வாக்காளர் பட்டியலில் தொடங்கியது. கோடக்கன்பிள்ளை என்பவர் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டார். பட்டியலைத் திருத்தும் அதிகாரி அவர் பக்கம் முடிவு சொன்னார். உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் அரசின் பக்கமே நின்றது.

இந்தத் தீர்ப்பை நம்ம கட்டுரைகளில் காணோம். தெரியாமல் விடுபட்டால் மன்னிக்கலாம். "நமக்கு எதிரா இருக்கு, விடு" என்று தெரிந்தே விடுவதுதான் எனக்குக் கோபம். நம்மை அடிக்க வைத்திருக்கும் தடியை வாங்கி நாம்தான் பார்க்க வேண்டும்.

முதல் வேலை, தீர்ப்பை அதை எழுதிய நீதிபதிகளே "ஆமா, இதைத்தான் சொன்னோம்" என்று ஒத்துக்கொள்ளும் விதமாகச் சொல்வது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுச் சட்டசபைக்கும் இயல்பான அதிகாரம் என்றார்கள். சட்டம் எந்தச் சமூகத்தின் பெயரையும் சொல்லவில்லை. தகப்பன் இலங்கையில் பிறந்தவரா, இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்றுதான் கேட்டது. வந்து போகும் வழக்கம் பிரஜைத் தகுதியோடு தொடர்புடைய விஷயம், சமூக ஒதுக்கல் அல்ல என்றார்கள். அதோடு, 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஆகவே ஒதுக்கும் நோக்கம் இல்லை என்றார்கள்.

இரண்டாவது, சரியானதை ஒத்துக்கொள்வது. அதிகாரம் பற்றிய வாதம் பலமானது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். "சட்டவிரோதம்" என்ற சொல்லைக் கைவிட்டு, "சட்டப்படி செல்லுபடியான அநீதி" என்று நம்ம வாதத்தைத் திருத்தினால் போதும். இந்த வாதத்தைத் தீர்ப்பைக் காட்டி உடைக்க முடியாது.

மூன்றாவதுதான் மறுப்பு. தீர்ப்பு சாய்ந்து நிற்கும் தூணில் ஒன்று அந்தக் கதவு. அதைத் தட்டிப் பாருங்கள். 1946 ஜனவரிக்கு முன் விவாகமானவர் ஏழு வருடம், மற்றவர் பத்து வருடம் தொடர்ந்து இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். விண்ணப்பிக்க இரண்டே வருடம். 1951 ஆகஸ்ட்டில் அது முடிந்தது. 1953இல் தீர்ப்பு வரும்போது புது விண்ணப்பக்காரருக்குக் கதவு ஏற்கெனவே மூடியாயிற்று. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போனது. கடைசியில் கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. லயத்தில் பிறந்து லயத்திலேயே வளர்ந்தவரிடம் தொடர்ந்து வசித்ததற்குக் கடதாசி கேட்டால் எங்கே போவார்?

இங்கே ரெண்டு இடத்தில் சறுக்குவோம். கடைசி எண்ணிக்கை தீர்ப்புக்குப் பிறகு வந்தது. அதை வைத்து நீதிபதிகளைத் திட்டினால் நேர்மையில்லை. "கதவு இருந்ததே" என்று இன்றைக்கும் சொல்கிறவருக்குத்தான் அந்த எண்ணிக்கை பதில்.

இன்னொன்று ஆசை காட்டும். நேரடியாகத் தடையை மீறாத சட்டமும் சுற்றுவழியில் அதே விளைவைத் தந்தால் செல்லாமல் போகலாம் என்று தீர்ப்பே கொள்கையளவில் ஒத்துக்கொள்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி ஒட்டினால் தீர்ப்பு நம்ம பக்கம் மாதிரித் தெரியும். அது பித்தலாட்டம். "கொள்கையை ஏற்றார்கள், நம்ம வழக்குக்குப் பொருந்தாது என்றார்கள்" என்று ரெண்டையும் எழுதுங்கள். பிறகு, பொருந்தாது என்றதற்குச் சொன்ன காரணம் மேலே பார்த்த கதவையும் நம்பியிருந்தது என்று காட்டுங்கள்.

"எதிரிக்கு ஏன் இடம் கொடுக்கிறீங்க?" என்று மூத்தவர்கள் சிலர் கேட்கிறார்கள். ஐயா, இடம் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாம் பேசாமல் இருந்தால் அந்த இடத்தில் அவர் மட்டும்தான் பேசுவார். எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்க 2003இல் பாராளுமன்றமே தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. 35ஆம் இலக்கச் சட்டம். 1949இன் கதவு போதவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? ஆனால் தீர்ப்பை முதலில் எடுத்து வைத்தவருக்குத்தான் இந்தச் சாட்சியைக் கூப்பிடும் தகுதி உண்டு.