போர்ட்டல் முடங்கினால் விண்ணப்பதாரர் குற்றவாளியா?

ஆய்வு மாணவர்களுக்குப் பணிவு கற்பிக்கும் பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். நிறுவனத்தின் போர்ட்டல் இயங்காதபோது, அதே விண்ணப்பத்தை அந்நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புவது எந்த வகையில் ஒழுங்கீனம்? சென்ற மாதம் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் இளைய ஆய்வாளர் ஒருவருக்கு அவருடைய நெறியாளர் தொலைபேசியில் தந்த அறிவுரை இது: "போர்ட்டல் வழியா வராத அப்ளிகேஷன் அப்ளிகேஷனே இல்லம்மா. மெயில் போடறது பின்வாசல்ல நுழையற மாதிரி. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்." அந்த வாக்கியத்தோடு எனக்குள்ள சண்டையே இப்பதிவு.

நடந்ததைச் சொல்கிறேன். ஜீவனஹள்ளியில், பெங்களூர் கிழக்கு ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தொலைவில் எங்கள் வீடு. இரவு பத்து மணி சுமாருக்கு அந்தப் பெண் மடிக்கணினியைத் திறந்தபடியே கீழிறங்கி வந்தாள். "அக்கா, சப்மிட் குடுத்தா சுத்திக்கிட்டே இருக்கு. அப்புறம் வெள்ளைத் திரையில ஏதோ நம்பர் வருது. மறுபடி போனா 'ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டீர்கள்'ங்குது. என் கணக்குல பார்த்தா இன்னும் 'வரைவு'ன்னுதான் இருக்கு." கெடு நள்ளிரவு 12 மணி. ஒரு தனியார் நிறுவனத்தில் தரவு ஆய்வாளர் பணி. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வை முடித்துவிட்டு உதவித்தொகையும் நின்றுபோன நிலையில் அவளுக்கிருந்த ஒரே நல்ல வாய்ப்பு.

திரையில் தெரிந்தது `504 Gateway Timeout`. இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பதற்றம் தணியும். 4 இல் தொடங்கும் பிழையெண் பெரும்பாலும் நாம் அனுப்பியதில் ஏதோ ஏற்கப்படவில்லை என்று பொருள்படும். எடுத்துக்காட்டாக 413 வந்தால் கோப்பு அளவில் பெரியது. சுருக்கி மீண்டும் ஏற்றினால் போதும், யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை. 5 இல் தொடங்கினால் கோளாறு வழங்கியின் பக்கத்தில் உள்ளது. அதிலும் 504 விசித்திரமானது. முன்னே நிற்கும் வழங்கி நம் விண்ணப்பத்தை வாங்கிப் பின்னேயுள்ள வழங்கியிடம் தந்துவிட்டு விடைக்காகக் காத்திருக்கிறது. பரவலாகப் புழங்கும் என்ஜின்எக்ஸ் மென்பொருளில், எவரும் மாற்றாவிட்டால், அக்காத்திருப்பு 60 நொடி. அதற்குள் விடை வராவிட்டால் 504 என்று கைவிரித்துவிடுகிறது. பின்னேயுள்ள வழங்கி வேலையை முடித்ததா, பாதியில் விட்டதா என்பது முன்னே நிற்பதற்கே தெரியாது. ஆகவே 504 'தோற்றது' என்று சொல்வதில்லை. 'எனக்குத் தெரியாது' என்றே சொல்கிறது. 'ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டீர்கள்', 'வரைவு' ஆகிய முரண்பட்ட இரு செய்திகளும் ஒரே கணக்கில் தோன்றியதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

விண்ணப்பதாரர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்த ஐயத்தைத் தாமாகத் தீர்த்துக்கொள்ள முடியாது. தரவுத்தளத்தைத் திறந்து பார்க்கக்கூடியவர் நிறுவனத்தில் மட்டுமே இருக்கிறார். அவரிடம் கேட்பதைப் 'பின்வாசல்' என்பது எப்படிப் பொருந்தும்? பின்வாசலில் நுழைபவர் தம் வருகையை மறைப்பார். இவளோ முன்வாசலில் நின்று, கதவு திறக்கவில்லை என்று நேரத்தோடும் சான்றோடும் எழுதிக் கொடுக்கிறாள்.

ஒப்பிட ஒரு பொதுச் செய்தி போதும். வருமான வரித் துறையின் புதிய இணையதளம் 2021 ஜூன் 7 அன்று தொடங்கப்பட்டது. அதை உருவாக்கியது இதே பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ஃபோசிஸ். மாதக்கணக்கில் கோளாறுகள் தொடர்ந்தன. ஆகஸ்ட் 23 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி சலீல் பரேக்கை நேரில் அழைத்து விளக்கம் கேட்டார். செப்டம்பரில், வரி செலுத்துவோர் எதிர்கொண்ட இடர்ப்பாடுகளையும் காரணமாகக் குறிப்பிட்டு, தனிநபர் கணக்குத் தாக்கலுக்கான கெடு டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. 'கடைசி நாள்வரை ஏன் காத்திருந்தாய்' என்று கேட்டு அரசு கதவைச் சாத்தவில்லை. வரி கட்டுபவரின் போர்ட்டல் முடங்கினால் அது போர்ட்டலின் குற்றம். வேலை தேடுபவரின் போர்ட்டல் முடங்கினால் அது தேடுபவரின் குற்றம். இந்த இரட்டை அளவுகோலைத்தான் நம் துறைகள் 'ஒழுக்கம்' என்ற பெயரில் மாணவர்களுக்குப் புகட்டுகின்றன.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்க மாட்டேன். எல்லோரும் போர்ட்டலை விட்டுவிட்டு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கினால், விதிப்படி விண்ணப்பித்தவருக்கு அநீதி நேரும். தேர்வுக் குழுவின் அஞ்சற்பெட்டியும் நிரம்பி வழியும். ஆகவே மின்னஞ்சல் போர்ட்டலுக்கு மாற்று அன்று. அங்கே உண்மையில் முயன்று, தோற்று, கெடு முடியுமுன், அறிவிப்பிலோ நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ உள்ள முகவரிக்கு மட்டும் அனுப்பப்பட வேண்டியது. தேடலில் அகப்படும் ஏதோ ஒரு முகவரிக்குச் சான்றிதழ்களை அனுப்புவது மோசடிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதாகவும் முடியலாம்.

இனி நம் மாணவர் பக்கத்துக் குற்றம். அவள் முதலில் எழுதி வைத்திருந்த மடல் இரண்டு பக்கம். குடும்பச் சூழல், ஆய்வுக்காலத் துயரங்கள், 'தங்கள் மேலான கருணையை வேண்டி' என்ற முடிப்பு. பிழை எந்த நேரத்தில் வந்தது என்ற தகவல் மட்டும் இல்லை. விண்ணப்பம் எழுதச் சொன்னால் மனு எழுதும் பழக்கத்தை நமக்குக் கற்பித்தவை பல்கலைக்கழக அலுவலகங்கள்தாம். உதவித்தொகைக்கும் விடுதிக்கும் விடுப்புக்கும் இறைஞ்சி இறைஞ்சி, காரணம் சொல்வதும் கெஞ்சுவதும் ஒன்றே என்று நம்பத் தொடங்கிவிட்டோம்.

அந்த மடலை அழித்துவிட்டு இருவருமாக எழுதியது ஆங்கிலத்தில். அதன் தமிழ் வடிவம் இது.

பொருள்: தரவு ஆய்வாளர் பணி (அறிவிப்பு எண்) – விண்ணப்பம் – சமர்ப்பிக்கையில் 504 பிழை

"வணக்கம். மேற்குறித்த பணிக்கு உங்கள் போர்ட்டலில் இன்றிரவு 9.42, 9.55, 10.10 மணிக்கு விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க முயன்றேன். மூன்று முறையும் 504 பிழை வந்தது, ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன். என் கணக்கில் விண்ணப்பம் 'வரைவு' என்றே காட்டுகிறது. அது பதிவாகியுள்ளதா என்று தெரிவிக்க வேண்டுகிறேன். பதிவாகவில்லையெனில், இணைப்பிலுள்ளவற்றைக் கெடுவுக்குள் வந்த விண்ணப்பமாகக் கருத வேண்டுகிறேன். போர்ட்டல் சீரானதும் அங்கும் சமர்ப்பிப்பேன்."

இதன்கீழ் இணைப்புகளின் பட்டியல், போர்ட்டலில் பதிந்த மின்னஞ்சல் முகவரி, தொலைபேசி எண், பெயர். அவ்வளவுதான். வருத்தமும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. படிப்பவர் செய்ய வேண்டியது ஒன்றே என்பது தெளிவாக இருக்கிறது.

இணைப்புகளில் நடக்கவிருந்த விபத்து இன்னும் பெரியது. முழு ஆய்வேடு, ஆதார் அட்டை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், கருத்தரங்குச் சான்றிதழ்கள் என்று 31 எம்பி சேர்த்து வைத்திருந்தாள். ஜிமெயிலில் இணைப்பின் உச்சவரம்பு 25 எம்பி. அதைத் தாண்டினால் கோப்பு கூகுள் டிரைவுக்குப் போய், மடலில் வெறும் சுட்டி மட்டும் நிற்கும். அனுமதியைத் திறந்துவிடாமல் அனுப்பினால், பெறுபவர் அச்சுட்டியை அழுத்தும்போது அனுமதி கோரும் பக்கத்தையே காண்பார். கெடு நாளில் அந்தக் கோரிக்கைக்கு நாம் விடை தருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அறிவிப்பு கேட்டவை மூன்றே: தன்விவரக் குறிப்பு, ஒரு பக்க விண்ணப்பக் கடிதம், பட்டச் சான்று. பட்டமளிப்பு நடைபெறாததால் மூன்றாவதற்குத் தற்காலிகச் சான்றிதழை வைத்தோம். ஸ்கிரீன்ஷாட்டோடு சேர்த்து நான்கு கோப்புகள், 3 எம்பிக்கும் குறைவு. ஆதாரை எவரும் கேட்கவில்லை; ஆகவே அனுப்பவில்லை. தன்விவரக் குறிப்பு ஸ்கேன் செய்த படமாக இருந்தது. அதை மாற்றி, எழுத்துகள் உள்ள பிடிஎஃப் ஆக்கினோம். நிறுவனத்தார் அதைத் தங்கள் மென்பொருளில் ஏற்றும்போது, அம்மென்பொருள் சொற்களைப் படித்தே பிரித்தறிகிறது. படமாக இருந்தால் பல வேளைகளில் வெறுந்தாளாகவே எடுத்துக்கொள்ளும். சோதிப்பது எளிது: கோப்பில் ஒரு வரியைத் தெரிவுசெய்து நகலெடுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

தமிழர்க்கே உரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. போர்ட்டல் குடும்பப்பெயர் கேட்டதால் தந்தையின் பெயரை முழுதாக இட்டிருந்தாள். சான்றிதழிலோ தலைப்பெழுத்து மட்டும். இரண்டும் ஒருவரே என்று பட்டியலின் கீழ் ஒரு வரி சேர்த்தோம். 10.50க்கு மடல் சென்றது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இன் 13ஆம் பிரிவு மின்பதிவு அனுப்பப்பட்ட நேரத்தையும் பெறப்பட்ட நேரத்தையும் தனித்தனியே வரையறுக்கிறது. தரப்பினரிடையே வேறு உடன்பாடு இல்லாதபோது, நம் கட்டுப்பாட்டுக்கு வெளியேயுள்ள கணினி வளத்துள் பதிவு நுழைந்த கணமே அனுப்பிய நேரம். பெறுநர் ஒரு கணினி வளத்தைக் குறித்திருந்தால், அதனுள் நுழைந்த கணமே பெற்ற நேரம். அவருடைய வேறொரு வளத்துக்கு அனுப்பினால், அவர் எடுத்துப் பார்க்கும் கணமே பெற்ற நேரம். 'போர்ட்டலில் மட்டுமே' என்று அறிவிப்பு சொன்னால், குறிக்கப்பட்ட வளம் போர்ட்டல்தான் என்று நிறுவனம் வாதிடலாம். அப்போதும் 10.50க்கு நாம் அனுப்பினோம் என்பது மாறாது. கெடுவுக்குள் பெற்றதாகக் கொள்வதா என்பதை மட்டும் அவர்கள் முடிவு செய்ய வேண்டும். தனியார் நிறுவனம் ஏற்றே தீர வேண்டும் என்ற உரிமையை இம்மடல் தருவதில்லை. முயலவே இல்லை என்று யாரும் பின்னர் சொல்ல முடியாதபடி ஒரு பதிவைத் தருகிறது.

மறுநாள் பிற்பகல் இரண்டு வரியில் பதில் வந்தது: விண்ணப்பம் பதிவாகவில்லை, புதிய சுட்டி அனுப்பியுள்ளோம், 24 மணி நேரத்துக்குள் சமர்ப்பிக்கவும். சமர்ப்பித்தாள். நேர்காணல் அழைப்பு இன்னும் வரவில்லை, வராமலும் போகலாம். ஆனால் தகுதியின் பேரில் நிராகரிக்கப்படுவதும், ஒரு வழங்கி 60 நொடியில் கைவிரித்ததால் கணக்கிலேயே வராமல் போவதும் ஒன்றல்ல.

நெறியாளர்களே, 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்பது மாத ஊதியம் உள்ளவர் சொல்லக்கூடிய சொல். உதவித்தொகை நின்ற மாணவருக்கு அடுத்த ஆண்டு என்பது பன்னிரண்டு மாத வாடகை. அடுத்த முறை ஒரு மாணவர் இரவு பத்து மணிக்கு அழைத்தால் ஒழுக்கம் கற்பிக்காதீர்கள். திரையில் என்ன எண் தெரிகிறது என்று கேளுங்கள்.