சொல்வதா, விட்டுவிடுவதா?



சென்ற மாதம் ஒரு சகோதரி தன் மனக்குறையை எழுதியிருந்தார். பாடசாலைக் காலம் முதல் அவருக்கு ஒரு தோழி. ஒவ்வொரு வருடமும் இவர் பிறந்த தினத்தன்று அந்தத் தோழி வட்டிலப்பம் அவித்துக்கொண்டு வருவார். இந்த வருடம் வரவில்லை. டெலிபோனிலும் ஒரு வார்த்தை இல்லை. இஷா வரை காத்திருந்தார். மறுநாள் தோழி வாசலுக்கு வந்தபோது, வேலை இருக்கிறது என்று பாதிக் கதவோடு பேசி அனுப்பிவிட்டார். "இதைச் சொன்னால் சின்னப்பிள்ளைத்தனம் என்பார்கள். சொல்லாமலும் இருக்க முடியவில்லை" என்று கேட்டிருந்தார்.

பிறந்த தினம் கொண்டாடலாமா என்பது வேறு கேள்வி. அதைப் பற்றி உலமாக்கள் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இங்கே நோவது திகதி அல்ல. 'நான் அவளுக்கு இப்போது முக்கியமில்லையோ' என்ற எண்ணம்தான் நோகிறது. அந்த நோவு வருவது குற்றமல்ல.

ஆயிஷா (ரலி) அவர்களின் ஒரு நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் உண்டு. தம்மீது அவர் எப்போது திருப்தியாக இருக்கிறார், எப்போது கோபமாக இருக்கிறார் என்பது தமக்குத் தெரியும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். திருப்தியாக இருந்தால் முஹம்மதின் இறைவன் மீது சத்தியம் செய்வார். கோபமாக இருந்தால் இப்ராஹீமின் இறைவன் மீது சத்தியம் செய்வார். கோபத்தில் தாம் விடுவது பெயரை மட்டும்தான் என்று ஆயிஷா (ரலி) அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். வருத்தத்தைக் கண்டுகொண்டதும், அதை ஒளிக்காமல் பேசியதும் அந்த வீட்டின் அழகு. ஆனால் எல்லோரும் நம் குரலை வைத்தே மனதை அறிந்துகொள்ள மாட்டார்கள். நாம்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதா? இல்லை. ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்கியிருக்கக் கூடாது, இருவரில் சிறந்தவர் முதலில் ஸலாம் சொல்பவர் என்பது ஹதீஸ். அந்த மூன்று நாட்களையே உங்கள் மனதைச் சோதிக்கும் தவணையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் அவளைக் கண்டால் ஸலாம் முன்போல வாயில் வருகிறதா? அவளுடைய பழைய குறைகளை எண்ணாமல் இருக்கிறீர்களா? மூன்றாமவரிடம் இதைச் சொல்லாமல் இருந்தீர்களா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் நீங்கள் உண்மையாகவே விட்டுவிட்டீர்கள். இனி அதைக் கிளற வேண்டாம். ஆனால் அவளிடம் சொல்லாமல் ராத்தாவிடமும் மச்சியிடமும் சொல்லியிருந்தால், அது விட்டுவிட்டதல்ல. பொறுமை என்ற பெயரில் புறம் பேசியது.

மனம் ஆறவில்லையென்றால் அவளிடமே சொல்லுங்கள். தனியாக இருக்கும்போது, நேரில் சொல்லுங்கள். செய்தியாக எழுதி அனுப்பினால் உங்கள் குரல் அதில் கேட்காது. "நீ எப்பவும் இப்படித்தான்" என்று தொடங்காதீர்கள். "நீ வருவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வராதது எனக்கு மனவருத்தமாய்ப் போச்சு" என்பதோடு நிறுத்திவிட்டு, அவள் பதிலைக் கேளுங்கள். அவள் வீட்டில் நோயோ மையித்தோ கடன் தொல்லையோ இருப்பது தெரிந்தால், அந்த நேரத்தில் சொல்ல வேண்டாம். முதலில் அவள் நிலையை விசாரியுங்கள்.

அந்தச் சகோதரிக்கும் இப்படியே பதில் எழுதினேன். அவர் போய்ப் பேசினார். தோழி மறக்கவே இல்லை! ஒரு பயானைக் கேட்டபின், பிறந்த தினத்துக்கென்று எதுவும் செய்வதில்லை என்று முடிவெடுத்திருந்தாராம். அன்று ஸுபஹில் இவருக்காக துஆக் கேட்டாராம். அதைச் சொன்னால் இவர் மனம் நோகுமோ என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டார். நோகக் கூடாதென்று காத்த மௌனமே நோகச் செய்துவிட்டது.

இதில் தோழிக்கும் ஒரு பாடம் உண்டு. மார்க்கத்துக்காக ஒரு வழக்கத்தை விட்டால், அந்த வழக்கத்தை எதிர்பார்த்திருப்பவரிடம் அன்போடு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிறந்த தினத்தை விடலாம், தோழியை விட்டுவிடக் கூடாது.

அடுத்த வாரம் வேறொரு நாளில் அந்த வீட்டுக்கு வட்டிலப்பம் வந்ததாம். எந்தத் திகதியும் இல்லாமல், ஸலாத்தோடு வந்தது என்று அந்தச் சகோதரி எழுதியிருக்கிறார்.

உங்களில் யாராவது பாதிக் கதவோடு நின்றுகொண்டிருந்தால், இன்றே அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள். வஸ்ஸலாம்.