பொருள்கோளா, புரட்டுக்கோளா?

வளவனூர்த் தோழர் ஒருவர் ஒரு கேள்வி கேட்கிறார். நாம் படித்தால் வராத அர்த்தம் பண்டிதர் படித்தால் மாத்திரம் பாட்டில் எப்படி வருகிறது? எப்படி என்று கேட்டால் “கொண்டுகூட்டு” என்று ஒரு வார்த்தையைச் சொல்லி வாயை அடைத்துவிடுகிறார்களே, அது என்ன மந்திரமா? என்கிறார். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. பொறுமையாய்ப் பார்த்தால் எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கும் விளங்கக்கூடிய காரியமேயாகும்.

முத்தன் குப்பனை அடித்தான் என்றாலும், குப்பனை அடித்தான் முத்தன் என்றாலும் அடிபட்டவன் குப்பன்தான். “ஐ” என்ற உருபு அவன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கிலீஷில் இரண்டு பெயரையும் இடம் மாற்றினால் அடித்தவன் அடிபட்டவனாகி விடுவான். ஆகவே தமிழில் பாட்டுக் கட்டுகிறவன் எதுகைக்காகவும் ஓசைக்காகவும் சொற்களை முன்பின்னாக வைப்பதில் குற்றமொன்றுமில்லை. அப்படி வைத்ததை எடுத்துச் சேர்த்துப் பொருள் கொள்ளும் வழிக்குத்தான் பொருள்கோள் என்று பெயர். தொல்காப்பியம் நான்கு வகை சொல்லுகிறது. பின்னால் வந்த நன்னூலில் பவணந்தி என்ற சமண முனிவர் எட்டாக்கினார்.

எட்டில் முதலாவது யாற்றுநீர். அதாவது ஆற்றுத் தண்ணீர்போல் நேரே ஓடுவது. அதில் தகராறே இல்லை. நிரல்நிறை என்பதற்கு நாமே ஒரு உதாரணம் கட்டிப் பார்ப்போம். “வயலும் பசுவும் நெல்லும் பாலும் தரும்” என்றால், வயல் நெல்லையும் பசு பாலையும் தரும் என்றுதான் எவனும் கொள்ளுவான். இரண்டுக்கு இரண்டு எண்ணிக்கை பொருந்துகிறது, உலக அனுபவமும் பொருந்துகிறது. “காளை பால் கறக்கப் பசு வண்டி இழுக்கும்” என்று ஒரே அடியில் தடுமாறி நின்றால் அது மொழிமாற்று. இரண்டு பெயரையும் மாற்றிப் போட்டுக் கொள்ளவேண்டியது. இங்கேயும் ஒரு எச்சரிக்கை வேண்டும். பாட்டு முழுவதும் தலைகீழான ஊரைக் கேலி செய்வதாயிருந்தால் மாற்றவே கூடாது. மாற்றினால் கேலி செத்துப்போகும்.

இனிக் கொண்டுகூட்டுக்கு வருவோம். இதில் பல அடிகளில் கிடக்கும் சொற்களை எங்கிருந்தும் எடுத்து எங்கும் சேர்க்கலாம். மொழிமாற்றுக்கு ஓர் அடி என்று வேலி இருக்கிறது. இதற்கு அந்த வேலி இல்லை. புரட்டு நுழையும் வழி இதுதான். நாமே கட்டிய நான்கு அடிகளைப் பாருங்கள்:

உழைத்தவன் பசித்தான்;
உண்டவன் சிரித்தான்;
ஊரார் கூடினர்;
விதியன்று என்றனர்.

விதி அல்ல என்று ஊரார் சொல்லிவிட்டார்கள். இப்போது விதியை நம்புகிற ஒரு பண்டிதர் வருகிறார். “அன்று” என்ற சொல்லுக்கு “அல்ல” என்றும் பொருள் உண்டு, “அந்த நாளில்” என்றும் பொருள் உண்டு. அந்த ஒரு சொல்லைக் கடைசி அடியிலிருந்து உருவி முதலடிக்குக் கொண்டுபோகிறார். “அன்று உழைத்தவன் பசித்தான், உண்டவன் சிரித்தான், ஊரார் கூடினர், விதி என்றனர்.” ஒரு எழுத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் விதியை மறுத்த பாட்டு விதியைப் பாடும் பாட்டாய்விட்டதா இல்லையா?

இதைக் கண்டுபிடிப்பது எப்படி? முதலடியில் ஏதாவது குறை இருந்ததா? உழைத்தவன் பசித்தான் என்பது எழுவாயும் பயனிலையுமாய் முழுசாகவே நின்றது. கடைசி அடியும் “அன்று” என்பதோடு சேர்ந்து முழுசாகவே நின்றது. அப்படியிருக்க சொல்லை நகர்த்த அவசியம் என்ன வந்தது? காளை பால் கறந்ததுபோல் ஒரு அசம்பாவிதமோ, முடிக்கும் சொல் இல்லாமல் அந்தரத்தில் தொங்கும் வினையோ இருந்தாலல்லவா நகர்த்தவேண்டும்! பாட்டுக்குத் தேவையில்லாத நகர்த்தல் பண்டிதருக்குத் தேவையான நகர்த்தலேயாகும்.

இது நாம் கற்பித்துச் சொல்லும் பயமல்ல. முல்லைப்பாட்டு 103 அடிகள் கொண்டது. மழைக்கால மாலையில் முதிய பெண்டிர் நற்சொல் கேட்கப் போகிறார்கள், இடைப்பெண் ஒருத்தி கன்றுக்குச் சொல்லும் ஆறுதலைக் கேட்டு வந்து அரசிக்குச் சொல்லுகிறார்கள், அவள் ஆறவில்லை, பிறகு பாசறை, தூங்காத அரசன், கடைசியில் அவன் திரும்பி வரும் ஆரவாரம். கதை யாற்றுநீராய்த்தான் ஓடுகிறது. ஆனால் 1889ல் சாமிநாதய்யர் அச்சிட்ட பத்துப்பாட்டில் உள்ள நச்சினார்க்கினியர் உரையைப் பார்த்தால், தொல்காப்பியத்தில் சொன்ன “மாட்டு” என்ற உறுப்பைச் சாக்காக வைத்து, தூரதூரத்து அடிகளிலுள்ள சொற்களையெல்லாம் பிடுங்கி நட்டிருப்பதைக் காணலாம். மாட்டு என்பது தூரத்தில் கிடக்கும் பொருளையும் கொண்டுவந்து முடிப்பதற்கு ஏற்பட்டதேயொழிய, ஒழுங்காய் ஓடுகிறதை மறிப்பதற்கு ஏற்பட்டதா?

1903ல் இதை வெளிப்படையாய்க் கண்டித்து, பாட்டை அதன் போக்கிலேயே வைத்துப் புதிதாக ஆராய்ச்சியுரை எழுதினவர் மறைமலையடிகள். அப்போது அவருக்கு வேதாசலம் என்று பெயர். அவருடைய சைவம் நமக்குச் சம்மதமில்லை. ஆனாலும் பெரிய உரையாசிரியர் என்பதற்காகப் பயப்படாமல் மூலத்தைப் பார் என்றாரே, அந்தத் துணிவு எத்தனை வித்துவான்களுக்கு இருந்தது? நச்சினார்க்கினியர் மகா கெட்டிக்காரர் என்பதையும் நாம் மறுக்கவில்லை. கெட்டிக்காரர் நகர்த்தினால் தடம் தெரியாது என்பதுதான் சங்கடமே.

ஆகையால் வளவனூர்த் தோழர் அடுத்த தடவை அந்தப் பண்டிதரிடம் பாட்டை வரிசை மாறாமல் ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொல்லட்டும். அவர் நகர்த்துகிற சொல்லின்கீழ் கோடு போட்டு, எடுத்த இடத்திலும் வைத்த இடத்திலும் முன்னே என்ன குறை இருந்தது என்று கேட்கட்டும்.